பீரோவில் ஒரு டிஸ்க், ரௌட்டர் பக்கத்தில் ஒரு பெட்டி

குடும்பப் படங்களையும் முக்கியமான காகிதங்களையும் வீட்டில் எல்லோரும் எடுத்துப் பார்க்கிற மாதிரி ஓரிடத்தில் சேர்த்து வைக்க என்ன வாங்கலாம் என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். கூகுள் போட்டோஸில் எவ்வளவு படம் வேண்டுமானாலும் இலவசமாகப் போட்டு வைக்கலாம் என்ற வசதி 2021 ஜூன் மாதத்தோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு போட்டதெல்லாம் 15 ஜிபி கணக்கில் ஏறி, பல வீடுகளில் அந்த இடம் எப்போதோ நிரம்பிவிட்டது. மாதச் சந்தா கட்ட விருப்பமில்லாதவர்கள் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கடையில் எளிதாகக் கிடைக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். இன்னொன்று, ரௌட்டரோடு லேன் கேபிளில் இணைத்து எந்நேரமும் ஓடவிடுகிற 'நாஸ்' பெட்டி. பெட்டியும் அதற்குள் போடும் இரண்டு டிஸ்க்குகளும் சேர்ந்தால் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப்போல ஐந்தாறு மடங்கு செலவாகும்.

திருச்சி உறையூரில் என் நண்பர் வீட்டுக்காக இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அவரும் மனைவியும் ஆசிரியர்கள். அவருடைய அம்மா, கல்லூரியில் படிக்கும் மகன், பள்ளிக்குப் போகும் மகள் என்று ஐந்து பேர். போன் நான்கு, லேப்டாப் இரண்டு. பீரோவில் துணிக்கடைப் பைக்குள் ஒரு 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் இருந்தது. அதைத் திறந்தால் 'அம்மா போன் ஃபுல்', 'பேக்கப்', 'பேக்கப் புதுசு', 'பேக்கப் 2 கடைசி' என்று ஃபோல்டர்கள். நான்கிலும் பெரும்பாலும் அதே படங்கள்தான். அவற்றில் கடைசியாக ஒரு படம் ஏறி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மகன் விடுதிக்குப் போனதும் நகலெடுக்கிற வேலையும் நின்றுவிட்டது.

“அண்ணா, அந்த டிஸ்க்கை எப்படிப் போடணும்னு அவனுக்கு மட்டும்தான் தெரியும். கிரகப்பிரவேசப் படம் ஒண்ணு வேணும்னா அவன் லீவுல வர்றவரைக்கும் நான் காத்திருக்கணும்” என்றார் நண்பரின் மனைவி.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் உண்மையான குறை அவர் சொன்னதில் இருக்கிறது. டிஸ்க் கெட்டுப்போகும் என்று பயப்படுகிறோம். அது கெட்டுப்போகும் என்பதும் உண்மைதான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அதற்கு முன்பே வேறொன்று நடந்துவிடுகிறது. டிஸ்க் நன்றாக இருக்கும், புதுப் படங்கள் அதில் ஏறாது. ஒவ்வொரு முறையும் யாராவது பீரோவைத் திறந்து, டிஸ்க்கை எடுத்து, லேப்டாப்பில் சொருகி, போனையும் கேபிளில் இணைத்து, எந்தப் படம்வரை போன தடவை எடுத்தோம் என்று தேடி, நகலெடுத்து முடிக்க வேண்டும். வேலைக்குப் போய்விட்டு வருகிற ஒருவரால் இதை நான்கு போன்களுக்கும் தவறாமல் செய்ய முடியாது. ஒருவர் கையில் இருக்கிற டிஸ்க் ஒருவருடைய பொறுப்பாகவே இருந்துவிடுகிறது.

அதனால் அந்த வீடுகளில் படப் பகிர்வு வாட்ஸாப்பில் நடக்கிறது. நான்கைந்து எம்பி இருக்கிற படத்தை வாட்ஸாப் சில நூறு கேபிக்குச் சுருக்கி அனுப்புகிறது. படம் எடுத்த தேதியும் இடமும் கோப்புக்குள் பதிவாகியிருக்குமே, அதையும் நீக்கிவிடுகிறது. IMG-20230115-WA0004.jpg என்கிற மாதிரிப் பெயரில் தெரியும் தேதி, படம் வாட்ஸாப் வழியாகப் போன தேதிதான். இருபது வருடப் பழைய கல்யாணப் படத்தைச் சித்தப்பா நேற்று அனுப்பியிருந்தால் அது நேற்றைய படமாகத்தான் வரிசையில் உட்காரும். அச்சுக்குக் கொடுத்தால் முகங்கள் பிசிறடிக்கும். வாட்ஸாப்பில்தான் அனுப்ப வேண்டும் என்றால் 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்புங்கள், அசல் கோப்பு அப்படியே போய்ச் சேரும். உறையூர் வீட்டில் பாட்டியின் எழுபதாவது பிறந்தநாள் படங்களில் பாதி இப்படிச் சுருங்கிய வடிவத்தில் மட்டுமே மிஞ்சியிருந்தன. அசலை எடுத்த போன் எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது.

நாஸ் பெட்டி இந்த இடத்தில்தான் உதவுகிறது. அது திரையும் கீபோர்டும் இல்லாத ஒரு சின்ன கம்ப்யூட்டர். சினாலஜி, க்யூநேப் இரண்டும் இதற்குப் பெயர்பெற்ற தைவான் கம்பெனிகள். பெட்டியில் டிஸ்க் போட இரண்டு இடங்கள் இருக்கும். லேன் கேபிளால் ரௌட்டரில் இணைத்து ஆன் செய்துவிட்டால் வீட்டு வைஃபையில் இருக்கிற எல்லாச் சாதனங்களுக்கும் அது தெரியும். ஆளுக்கு ஒரு யூசர் பெயர், பாஸ்வேர்டு. ஆளுக்கு ஒரு தனி ஃபோல்டர், எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர். போனில் அந்தக் கம்பெனியின் போட்டோ ஆப்பைப் போட்டு, பேக்கப்பை ஆன் செய்துவிட்டால், வீட்டுக்குள் நுழைந்து வைஃபை கிடைத்ததும் அன்று எடுத்த படங்கள் தானாக ஏறிவிடும். யாரும் பீரோவைத் திறக்க வேண்டாம். வீட்டு டிவியும் அதே வைஃபையில் இருந்தால், பெட்டியில் உள்ள மீடியா சர்வர் வழியாகப் பாட்டி சோபாவில் உட்கார்ந்தபடி படங்களைப் பார்க்கலாம்.

'தானாக' என்று சொல்வதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் பின்னணியில் ஓடும் ஆப்களை நிறுத்திவிடும். செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்கிவிட வேண்டும். ஐபோனில் பின்னணி வேலைக்கு இன்னும் கெடுபிடி. வாரம் ஒருமுறையாவது ஆப்பைத் திறந்து, போனைச் சார்ஜில் போட்டு, சற்று நேரம் திரையில் விட்டுவைத்தால்தான் தேங்கிய படங்கள் ஏறி முடியும். ஏறுகிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, இன்று காலை எடுத்த ஒரு படத்தை வேறொருவரின் லேப்டாப்பிலிருந்து பெட்டிக்குள் தேடிப் பார்ப்பது. போனில் 'பேக்கப் முடிந்தது' என்று வருவதைவிட இதைத்தான் நான் நம்புவேன்.

எவ்வளவு இடம் வேண்டும் என்று கடைக்காரரைக் கேட்டால் பெரியதைத்தான் காட்டுவார். நாமே கணக்குப் போடலாம். உறையூர் வீட்டில் நான்கு போனிலும் சேர்த்து மாதம் சுமார் 1,500 படங்கள். படத்துக்குச் சராசரி 3 எம்பி என்றால் 4.5 ஜிபி. வீடியோ மாதம் 80 நிமிடம், நிமிடத்துக்கு 125 எம்பி வீதம் 10 ஜிபி. ஆக மாதம் 15 ஜிபிக்குள், வருடத்துக்கு 180 ஜிபிக்குள் அடங்குகிறது. பழைய டிஸ்க்கில் 620 ஜிபி நிரம்பியிருந்தது. திரும்பத் திரும்ப இருந்த நகல்களைக் கழித்ததும் 410 ஆனது. ஐந்து வருடச் சேர்க்கையையும் கூட்டினால் 1,310 ஜிபி. ஆக 2 டிபி போதும். பத்திரங்களும் சான்றிதழ்களும் எத்தனை ஸ்கேன் செய்தாலும் சில ஜிபியைத் தாண்டாது. 8 டிபி வாங்கிப் பாதிக்கு மேல் காலியாக வைத்திருப்பதைவிட, அந்தப் பணத்தில் இன்னொரு டிஸ்க் வாங்கி இரண்டாவது நகல் வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

நாஸ் வாங்குகிறவர்களில் பலர் இந்த இரண்டாவது நகல் விஷயத்தில்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பெட்டியில் இரண்டு டிஸ்க் போட்டு 'ரெய்டு 1' என்ற முறையில் அமைத்தால், ஒன்றில் எழுதுவது அதே நொடியில் மற்றதிலும் எழுதப்படும். இரண்டு 2 டிபி டிஸ்க் போட்டாலும் நமக்குக் கிடைக்கும் இடம் 2 டிபிதான். ஒரு டிஸ்க் செத்துப்போனால் பெட்டி பீப் ஒலி எழுப்பும், மற்றதை வைத்து ஓடிக்கொண்டே இருக்கும். நாம் புது டிஸ்க் போட்டதும் பல மணி நேரம் எடுத்துப் பழையபடி இரண்டாக்கிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மகள் தவறுதலாக 2019 ஃபோல்டரை அழித்தால் அது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். லேப்டாப்பில் புகுந்த ரான்சம்வேர் பொது ஃபோல்டரைப் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். மின்னல் அடித்து ரௌட்டர் கேபிள் வழியாக மின்சாரம் பாய்ந்தாலும், திருடன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும், இரண்டும் சேர்ந்தே போகும். ரெய்டு ஒரு டிஸ்க்கின் சாவை மட்டும்தான் தாங்கும். அதை நகலாக எண்ணக்கூடாது.

இதில் கூடுதல் ஆபத்து போனில் இருக்கிறது. போட்டோ ஆப்களில் 'இடத்தைக் காலி செய்' என்று ஒரு பட்டன் உண்டு. பெட்டிக்கு ஏறிவிட்ட படங்களைப் போனிலிருந்து அது நீக்கிவிடும். போன் நிரம்பித் தவிக்கிறவர்கள் அதை ஆசையாக அழுத்துவார்கள். அழுத்திய பிறகு அந்தப் படங்களுக்கு உலகத்தில் பெட்டி மட்டும்தான் வீடு. வேறோர் இடத்தில் நகல் இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் அந்த பட்டனைத் தொடாதீர்கள் என்று நண்பரின் மகனுக்கும் மகளுக்கும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

தவறுதலாக அழிப்பதற்குப் பெட்டியிலேயே இரண்டு மருந்துகள் இருக்கின்றன. பொது ஃபோல்டருக்கு ரீசைக்கிள் பின் ஆன் செய்யலாம். அழித்தது அங்கே போய்க் கிடக்கும். இன்னொன்று ஸ்னாப்ஷாட். தினமும் இரவு ஃபோல்டர்களின் அன்றைய நிலையைப் பெட்டி குறித்து வைத்துக்கொள்ளும். மாறிய பகுதிக்கு மட்டுமே இடம் பிடிக்கும் என்பதால் முப்பது நாள் குறிப்பு வைத்திருந்தாலும் டிஸ்க் வீங்காது. பூட்டப்பட்ட ஃபோல்டரை நேற்றைய நிலைக்குத் திருப்பிவிடலாம். மிக மலிவான மாடல்கள் சிலவற்றில் ஸ்னாப்ஷாட் வசதி கிடையாது. பெட்டி வாங்குவதென்று முடிவெடுத்தால், கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. இன்னொரு கேள்வி டிஸ்க் பற்றியது. ஹார்ட் டிஸ்க்குகளில் சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று எழுதும் முறை இரண்டு உண்டு. எஸ்எம்ஆர் டிஸ்க் தொடர்ந்து எழுதும்போது திணறும். செத்த டிஸ்க்குக்குப் பதிலாகப் புதியதைப் போட்டு நிரப்பும் நேரத்தில் அது பெரிய தொல்லை. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன்னுடைய ரெட் வரிசை நாஸ் டிஸ்க்குகள் சிலவற்றிலேயே எஸ்எம்ஆர் இருப்பதை 2020-இல் ஒப்புக்கொண்டது. பெட்டிக்கு சிஎம்ஆர் டிஸ்க்காகக் கேட்டு வாங்குங்கள்.

எந்நேரமும் ஆனில் இருக்கும், நெட்டோடு இணைந்திருக்கும் என்பதுதான் பெட்டியின் பலம். ஆபத்தும் அதிலிருந்தே வருகிறது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற வீட்டுப் பெட்டியை வைத்திருந்தவர்கள் 2021 ஜூன் மாதம் ஒருநாள் காலையில் பார்த்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை. இணையம் வழியாக யாரோ அந்தப் பெட்டிகளுக்குள் புகுந்து, கடையிலிருந்து வந்த நாள் நிலைக்குத் திருப்பும் கட்டளையைக் கொடுத்திருந்தார்கள். அந்த மாடலுக்கு 2015-க்குப் பிறகு மென்பொருள் அப்டேட்டே வரவில்லை. பெட்டி மட்டும் வேலை செய்துகொண்டிருந்ததால் மக்கள் அதை நம்பி வைத்திருந்தார்கள். அடுத்து 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், இணையத்துக்கு நேராகத் திறந்திருந்த க்யூநேப் பெட்டிகளைத் தாக்கியது. கோப்புகளின் பெயருக்குப் பின்னால் .deadbolt என்று ஒட்டிக்கொண்டது. உள்ளே நுழையும் பக்கத்தில் 0.03 பிட்காயின் கேட்டு மிரட்டல் வந்து நின்றது. பீரோவில் தூங்குகிற எக்ஸ்டர்னல் டிஸ்க்கை இந்த மாதிரி யாராலும் தொட முடியாது. அதை மட்டும் நாம் எப்போதும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதனால் பெட்டியை வெளியே திறந்து வைக்காதீர்கள். ரௌட்டரில் போர்ட் ஃபார்வேர்டிங் செய்யச் சொல்லும் யூடியூப் வீடியோக்களைப் பின்பற்ற வேண்டாம். ரௌட்டரில் யூபிஎன்பி என்ற வசதி ஆனில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள். அது நம்மைக் கேட்காமலே சாதனங்களுக்குக் கதவைத் திறந்துவிடும். பெட்டியை முதலில் அமைக்கும்போது 'admin' என்ற பெயரிலேயே நிர்வாகக் கணக்கு வைத்திருக்காமல் வேறு பெயரில் ஒன்றை உருவாக்கி, இரண்டு கட்ட உறுதிப்பாட்டை ஆன் செய்து, அப்டேட் தானாக ஏறும்படி விடுங்கள். விடுதியில் இருக்கும் மகன் வெளியிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் கம்பெனி தரும் ரிலே வசதியோ டெய்ல்ஸ்கேல் மாதிரியான தனி வழியோ போதும். நம் ஊர் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்வதால், நேராகத் திறக்க முயன்றாலும் பெரும்பாலும் நடக்காது. ரிலே வழியாகப் படங்கள் சற்று மெதுவாகத்தான் திறக்கும். வீடியோவை ஓடவிட்டால் நின்று நின்று வரும். பெட்டியின் முழு வேகம் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

வீட்டுக்குள்ளும் வேகம் எல்லோருக்கும் ஒன்றல்ல. ரௌட்டரின் லேன் போர்ட் ஜிகாபிட் வகையாக இருந்தால் கேபிளில் நொடிக்கு 100 எம்பிக்கு மேல் போகும். பழைய 100 எம்பிபிஎஸ் போர்ட்டாக இருந்தால் 11 எம்பி அளவோடு நின்றுவிடும். 410 ஜிபியை அப்படி ஏற்றினால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் முதல் தடவை பழைய படங்களை வைஃபையில் ஏற்ற வேண்டாம். பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் பெட்டியின் யூஎஸ்பி போர்ட்டில் நேராகச் சொருகி, உள்ளேயே நகலெடுத்துக்கொள்ளலாம். அதன் பிறகு தினமும் ஏறும் நாற்பது ஐம்பது படங்களுக்கு எந்த வைஃபையும் போதும். ரௌட்டரில் இருக்கிற யூஎஸ்பி ஓட்டையிலேயே எக்ஸ்டர்னல் டிஸ்க்கை மாட்டிவிடலாமே என்று கேட்பார்கள். கோப்பைத் திறந்து பார்க்க அது உதவும். ஆனால் ஆளுக்கொரு பாஸ்வேர்டு, போன் பேக்கப், ஸ்னாப்ஷாட் எதுவும் அதில் வராது. பல ரௌட்டர்களில் வேகமும் மிகக் குறைவு.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு டிஸ்க் பெட்டி ஓடும்போது 18 வாட் அளவுக்கு எடுக்கும் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.43 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு சுமார் 26 யூனிட். அதைத் தாங்கிக்கொள்ளலாம். படம் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்ப் பெட்டி பொத்தென்று அணைவதைத்தான் தாங்க முடியாது. வீட்டு இன்வெர்ட்டர் இருந்தால் அதில் யூபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதாரண மோடில் மின்சாரம் மாறுகிற அந்தச் சிறு இடைவெளியிலேயே பெட்டி அணைந்து எழுந்திருக்கும். கம்ப்யூட்டருக்கு வாங்கும் சின்ன யூபிஎஸ்ஸில் யூஎஸ்பி கேபிள் உள்ளதாக வாங்கி, அதைப் பெட்டியோடு இணைத்தால், பேட்டரி குறையும்போது பெட்டி தானாகவே ஒழுங்காக மூடிக்கொள்ளும். உறையூரில் மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போகும் தெரு அது. யூபிஎஸ் இல்லாமல் பெட்டி வேண்டாம் என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இத்தனையும் யோசித்த பிறகு என் முடிவு இது. பெட்டி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் எக்ஸ்டர்னல் டிஸ்க் வேண்டும். அதுவும் இரண்டு வேண்டும். எனவே முதல் செலவு அதற்குத்தான். வீட்டில் ஒன்று, தங்கை வீட்டிலோ பள்ளி மேஜை டிராயரிலோ இன்னொன்று. இரண்டையும் மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு லேப்டாப், இரண்டு போன், நகலெடுப்பதில் அக்கறையுள்ள ஒருவர் என்று இருக்கிற வீட்டுக்கு இதுவே போதும், நாஸ் தேவையில்லை. போன் நான்காகி, படம் எடுக்கிறவர்கள் வேறு வேறாகி, நகலெடுக்கிற ஆள் வெளியூர் போய்விட்ட வீட்டுக்குத்தான் பெட்டி கொடுத்த காசுக்கு வேலை செய்யும்.

எக்ஸ்டர்னல் டிஸ்க் மட்டும் போதும் என்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். விண்டோஸிலும் மேக்கிலும் மாற்றி மாற்றிச் சொருகுவதானால் டிஸ்க்கை exFAT என்று ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸின் NTFS டிஸ்க்கை மேக்கில் படிக்கலாம், எழுத முடியாது. ஆனால் exFAT டிஸ்க்கை 'Eject' கொடுக்காமல் பிடுங்கினால் கோப்புகள் சிதைய வாய்ப்பு அதிகம். விண்டோஸ் மட்டும்தான் என்றால் NTFS-ஆகவே இருக்கட்டும். அடுத்தது, ஃபோல்டரை இழுத்துப்போட்டு நகலெடுப்பதில்தான் 'பேக்கப் 2 கடைசி'கள் பிறக்கின்றன. லேப்டாப்பில் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குள் வைத்துக்கொண்டு, டிஸ்க்கைச் சொருகி, கமாண்ட் ப்ராம்ப்டில் இந்த ஒரு வரியை ஓட்டலாம். இங்கே D லேப்டாப், E எக்ஸ்டர்னல் டிஸ்க்.

```
robocopy "D:\Kudumbam" "E:\Kudumbam" /E /XO /R:1 /W:1 /LOG:E:\nakal.txt
```

புதிதாக வந்ததையும் மாறியதையும் மட்டும் இது எடுத்துக்கொள்ளும். எதுவும் இரண்டாக ஆகாது. நகல் முடிந்ததும் nakal.txt-ஐத் திறந்து, கடைசியில் FAILED என்ற கட்டத்துக்குக் கீழே பூஜ்யம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் பலர் /MIR என்று போடச் சொல்வார்கள். அது லேப்டாப்பில் அழித்ததை டிஸ்க்கிலும் அழித்துவிடும். குடும்பப் படங்களுக்கு அது ஆகாது.

டிஸ்க் கெடப் போகிறது என்பதற்கு முன்னறிகுறிகள் இருக்கின்றன. ஃபோல்டர் திறக்க வழக்கத்தைவிட நேரமாகும். நகலெடுக்கும்போது ஒவ்வொரு முறையும் அதே கோப்பில் வந்து நிற்கும். டிஸ்க் திடீரென்று காணாமல்போய்த் திரும்ப வரும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் 05, C5 என்ற வரிகளில் எண் ஏறிக்கொண்டிருக்கும், மேலே 'Caution' என்று மஞ்சளில் காட்டும். அப்போது விண்டோஸின் டிஸ்க் ரிப்பேரை ஓட்டாதீர்கள். அது டிஸ்க்கில் எழுத முயன்று நிலைமையை இன்னும் மோசமாக்கும். முதலில் கிடைப்பதையெல்லாம் வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். 'டிக் டிக்' என்று தட்டும் சத்தம் வந்தால் அதையும் செய்யாமல் உடனே கழற்றிவிட்டு ரெக்கவரி தெரிந்தவரிடம் கொண்டு போக வேண்டும். யூஎஸ்பி முனை உடைந்தால் உள்ளே இருக்கும் டிஸ்க்கை எடுத்து வேறு கூட்டில் போடலாம் என்று நினைப்பார்கள். சில போர்ட்டபிள் டிஸ்க்குகளில் அந்த முனை டிஸ்க்கின் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும், தகவலும் அதே போர்டால் சங்கேதமாக்கப்பட்டிருக்கும். அவற்றில் இந்த வழி பலிக்காது.

பெட்டி செத்துப்போனால்? உள்ளே இருக்கும் டிஸ்க்குகளை விண்டோஸ் லேப்டாப்பில் மாட்டினால் 'ஃபார்மட் செய்யட்டுமா' என்று கேட்கும். ஒருபோதும் சரி என்று அழுத்தக்கூடாது. அவை லினக்ஸ் முறையில் எழுதப்பட்டவை. அதே கம்பெனியின் புதுப் பெட்டி ஒன்றில் அதே வரிசையில் போட்டால் பெரும்பாலும் அப்படியே எழுந்துவிடும். லினக்ஸ் தெரிந்தவர் இருந்தால் கம்ப்யூட்டரில் மாட்டியும் படிக்கலாம்.

உறையூர் வீட்டில் கடைசியில் இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க், ஸ்னாப்ஷாட் உள்ள ஒரு சின்னப் பெட்டி, யூபிஎஸ் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை காலை நண்பரின் மனைவி ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் பெட்டியின் யூஎஸ்பி போர்ட்டில் சொருகுகிறார். பெட்டியே அதைக் கண்டுகொண்டு பேக்கப் எடுத்து, முடிந்ததும் ஒலி எழுப்பி, போனுக்கும் தகவல் அனுப்புகிறது. அவர் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுகிறார். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் அந்த டிஸ்க் உய்யக்கொண்டான் திருமலையில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போய், அங்கிருப்பது இங்கே வருகிறது. அதற்கு முன் பழைய படம் ஒன்று, போன வாரப் படம் ஒன்று, ஒரு பிடிஎஃப் என்று மூன்றை அந்த டிஸ்க்கிலிருந்தே திறந்து பார்க்கிறார்கள்.

காகிதங்களுக்குத் தனி ஃபோல்டர். பட்டா, கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், மருத்துவக் காப்பீடு, மதிப்பெண் பட்டியல் என்று ஆளுக்கும் ஆண்டுக்கும் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதைப் பெரியவர்கள் மூவர் மட்டும் மாற்ற முடியும். பிள்ளைகளுக்குப் பார்க்க மட்டும் அனுமதி உண்டு, அழிக்க முடியாது. வெளியே போகிற டிஸ்க் தொலைந்தால் ஆதார் நகல் யார் கையிலும் கிடைத்துவிடுமே என்று நண்பர் பயந்தார். அதனால் பெட்டி எடுக்கும் பேக்கப்பை பாஸ்வேர்டு போட்டுப் பூட்டும்படி அமைத்தோம். அந்த மூன்று கோப்புகளையும் அதே பாஸ்வேர்டைக் கொடுத்து, பேக்கப் மென்பொருள் வழியாகத்தான் திறந்து பார்க்கிறார்கள்.

“தம்பி, அந்த பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னா என்ன பண்றது?” என்று பாட்டி கேட்டார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. அந்த பாஸ்வேர்டு போனால் கம்பெனியாலும் திறக்க முடியாது. பெட்டியின் நிர்வாகக் கணக்கு, பேக்கப் பாஸ்வேர்டு, ரௌட்டர் பாஸ்வேர்டு மூன்றையும், டிஸ்க்கிலிருந்து படங்களைத் திரும்ப எடுக்கும் முறையையும் ஒரு தாளில் தமிழில் எழுதினோம். ஒரு பிரதி பாட்டியின் நகைப் பெட்டியில் பத்திரங்களோடு இருக்கிறது, இன்னொன்று நாத்தனாரின் பீரோவில் இருக்கிறது.